பத்தில் எத்தனையாவது?

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்கு, உயிரோடு இருக்கும் ஒரு எழுத்தாளருக்கு நான் அஞ்சலி தம்ப்நெயில் செய்து வைத்தேன்.

அவர் மருத்துவமனையில் இருப்பதாக அன்று மாலை வாட்சப்பில் செய்தி வந்திருந்தது. இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் படித்த முதல் நாவல் அவருடையது. செய்தியைப் பார்த்ததும் முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் அந்த வருத்தம் ஒரு வேலையாக மாறிவிட்டது. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். இடது பக்கம் முகம், வலது பக்கம் பெயர், கீழே பிறந்த வருடம். பிறந்த வருடத்துக்குப் பிறகு ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பின்னால் காலி இடம் விட்டு கோப்பைச் சேமித்தேன்.

ஏன் செய்தேன் என்பதற்குக் காரணம் இருந்தது. நான்கு மாதம் முன்பு இன்னொரு எழுத்தாளர் இறந்தபோது, செய்தி வந்த ஐந்து மணி நேரத்தில் ஒரு வீடியோ போட்டிருந்தேன். சாதாரணமாக 2,000 பேர் பார்க்கும் என் சேனலில் அதை 38,000 பேர் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் முந்தியிருந்தால் இன்னும் அதிகம் வந்திருக்கும் என்று அப்போதே மனசுக்குள் குறித்து வைத்திருந்தேன்.

பதினொரு நாள் கழித்து அவர் குணமாகி வீடு திரும்பினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் இல்லை, நிஜமாகவே நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிக்கு அடியில் மெல்லிசாக இன்னொன்று இருந்தது. அதற்குப் பெயர் வைக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அது ஏமாற்றம்.

இந்தக் கட்டுரை அந்த ஏமாற்றத்தைப் பற்றியது. ஒரு நாவலை விரும்பியதால் பேச ஆரம்பித்த ஒருவன், அதை எழுதியவர் பிழைத்துக்கொண்டதில் துளியளவாவது ஏமாற்றம் அடையும் இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறான்? அங்கிருந்து திரும்ப வழி இருக்கிறதா?

*

2019இல் சேனல் ஆரம்பித்தேன். தமிழ் நாவல்களைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசுவது, அவ்வளவுதான் திட்டம். மாதம் ஒன்றோ இரண்டோ போடுவேன். யூடியூப்பில் விளம்பர வருமானம் வர அப்போது 1,000 சப்ஸ்கிரைபர்களும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டியிருந்தது. அந்த எண்கள் ஒரு நாள் கண்ணில் பட்டன. எனக்கு அந்தப் பணம் தேவைப்படவில்லை. ஐடி சம்பளத்தில் குடும்பம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு எல்லைக்கோட்டைப் பார்த்துவிட்டால் அதைத் தொடாமல் இருக்க முடியாத புத்தி எங்களுடையது. நுழைவுத்தேர்வுக் கட்-ஆஃப் காலத்திலிருந்தே வளர்த்துவிட்ட புத்தி. மாதம் ஒன்று வாரம் ஒன்றானது. எல்லையைத் தாண்டியதும் வாரம் இரண்டானது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு திரை என் வாழ்க்கைக்குள் வந்தது. சேனல் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். புது வீடியோ வெளியான சில மணி நேரத்தில், இதே நேரத்துக்குள் முந்தைய வீடியோக்கள் பெற்ற பார்வையோடு ஒப்பிட்டு, கடைசிப் பத்தில் இது எத்தனையாவது என்று காட்டும் திரை. பத்தில் ஒன்று என்றால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி. பத்தில் ஒன்பது என்றால் மகள் ஹோம்வொர்க்கில் சந்தேகம் கேட்டாலும் எரிந்து விழுவேன்.

குறை அந்தத் திரையில் இல்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்கிறது. அந்தப் பதிலை நான் என்னைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். பிற்பாடு நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அதன் அபத்தம் புரிந்தது.

ஒரு சேனல் வளரவும் இல்லை, தேயவும் இல்லை, ஒரே நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைகள் தற்செயலாகக் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அப்படியானால் புதிய வீடியோ கடைசிப் பத்தில் முதலாவதாக வர வாய்ப்பு பத்தில் ஒன்று. கடைசியாக வரவும் அதே பத்தில் ஒன்று. கீழ்ப் பாதியில் வர வாய்ப்பு சரிபாதி. வாரம் இரண்டு வீடியோ என்றால் வருடத்துக்கு 104. அதாவது நான் எந்தத் தவறும் செய்யாமல், என் தரம் கொஞ்சமும் குறையாமல், வருடத்துக்கு ஏறக்குறைய 52 நாள் ‘தோற்றிருப்பேன்’. பத்து நாள் கடைசி இடம். இதில் என் பேச்சுக்கோ நாவலுக்கோ எந்தப் பங்கும் இல்லை. வரிசைப்படுத்தினால் யாராவது ஒருவர் கடைசியில் நிற்கத்தான் வேண்டும்.

சாதனைகளைப் பற்றிய கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. இதே மாதிரி ஏற்ற இறக்கத்தில், இதுவரை வந்ததிலேயே அதிகம் என்ற சாதனை எத்தனை முறை நிகழும்? முதல் வீடியோ எப்படியும் சாதனை. இரண்டாவது சாதனையாக வாய்ப்பு இரண்டில் ஒன்று. மூன்றாவதுக்கு மூன்றில் ஒன்று. இப்படியே கூட்டிக்கொண்டு போனால், முதல் பத்து வீடியோக்களில் சராசரியாக மூன்று சாதனைகள் வரும். அடுத்த தொண்ணூறு வீடியோக்களில் வருவது இரண்டு அல்லது இரண்டே கால்தான். எதுவுமே மாறாமல் இருந்தாலும் ஆரம்பத்தில் வளர்கிற மாதிரியும், போகப்போகத் தேங்கிவிட்ட மாதிரியும் தெரியும். ‘முதல் வருஷம் இருந்த மேஜிக் இப்போ இல்லையே’ என்று கிரியேட்டர்கள் புலம்புவதில் ஒரு பங்கு வெறும் எண்கணிதம். சேனல் நிஜமாகவே வளர்ந்தால் கணக்கு மாறும், சாதனைகள் கூடும். ஆனால் வளர்ச்சி நின்ற பிறகு எல்லோரும் இந்த வளைவுக்குள்தான் வந்து விழுகிறோம்.

எனக்கு இது அப்போது தெரியாது. சாதனை வராததற்கு நான் காரணம் தேடினேன். காரணம் தேடுகிறவனுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

*

எனக்குக் கிடைத்த காரணம், பார்ப்பவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள் என்பது. யூடியூப் 2012இலேயே, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு அதிக எடை கொடுக்க ஆரம்பித்துவிட்டது. சொடுக்கை வைத்து ஏமாற்றலாம், நேரத்தை வைத்து ஏமாற்ற முடியாது என்பது அதற்குப் பின்னால் இருந்த நியாயமான யோசனை. ஆனால் ஏமாற்ற முடியும். நானே செய்தேன்.

என் வீடியோக்களில் முதல் நிமிடத்திலேயே நாவலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சொல்லிவிடுவேன். வரைபடத்தில் சரியாக அங்கேதான் கோடு சரிந்தது. பெயர் தெரிந்ததும் சிலர் போய்விடுகிறார்கள். அதனால் பெயரை நான்காவது நிமிடத்துக்குத் தள்ளினேன். ‘தமிழில் ஒரு நாவல் இருக்கு, அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் நான் தூங்கல’ என்று ஆரம்பித்தேன். தூங்காமல் இருந்தது உண்மைதான், ஆனால் எடிட்டிங் காரணமாக. சராசரிப் பார்வை நேரம் ஏறியது. ஒரு வாரம் கழித்துப் பின்னூட்டங்களைப் படித்தபோது, நிறைய பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள். ‘அண்ணா, புக் பேர் என்ன?’

நாவலைப் பற்றிப் பேசும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, எந்த நாவல் என்று தெரியாமல் எழுந்து போகிறார்கள். அதே சமயம் என் எண் ஏறுகிறது. பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது சொன்ன ஒரு விஷயம், இன்று குட்ஹார்ட் விதி என்று வழங்குகிறது. ஒரு அளவீட்டை இலக்காக மாற்றிவிட்டால், அது நல்ல அளவீடாக இருப்பதை நிறுத்திவிடும். மென்பொருளில் இருப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். எழுதிய வரிகளை எண்ணினால் வரிகள் கூடும், மூடிய டிக்கெட்டுகளை எண்ணினால் ஒரு டிக்கெட் மூன்றாக உடையும். ஆபீஸில் இதைச் சொல்லி மேனேஜரைக் கிண்டல் செய்கிற ஆள் நான். வீட்டுக்கு வந்தால் எனக்கு நானே அந்த மேனேஜராக இருந்தேன்.

*

அந்த ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்குப் போயிருந்தேன். ஒரு கடை வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அடையாளம் கண்டு வந்து பேசினார். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். நான் ஆரம்ப காலத்தில் போட்ட ஒரு வீடியோவைச் சொன்னார். என் சேனலிலேயே மிகக் குறைவாகப் பார்க்கப்பட்டவற்றில் ஒன்று அது. நானூற்றுச் சொச்சம் பார்வை. அந்த நாவலை வாங்கி, பட்டறையில் மதிய நேரத்தில் படித்து முடித்து, மகளுக்கும் கொடுத்திருக்கிறார். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு கேட்டார்:

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. போன மாசம் ஒரு புக்கு பத்திப் பேசினீங்களே, அது நான் ஏற்கெனவே படிச்சது. நீங்க அதை முழுசா படிச்சீங்களா?”

நான் “படிச்சேன் சார்” என்றேன்.

“இல்ல, அந்தப் பெரியம்மா பாத்திரத்தைப் பத்திச் சொன்னீங்க. அவங்க கடைசில அப்படி இல்லியே... அதான் கேட்டேன்.”

முதல் எழுபது பக்கமும், ஒரு மதிப்புரையும், கடைசி அத்தியாயத்தில் பாதியும் படித்திருந்தேன். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. தன் ஞாபகம்தான் தப்போ என்ற சந்தேகத்தோடு கேட்டார். வாசகர் தன்னையே சந்தேகப்படும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார், நான் அந்த நம்பிக்கைக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று நான் எந்தப் புத்தகமும் வாங்காமல் மெட்ரோ ஏறினேன்.

பர்ன்அவுட் என்ற சொல்லை நாம் களைப்பு என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். 1974இல் அதைப் பற்றி முதலில் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களில் ஒருவரான உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் பார்த்தது, நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் வேலை செய்தவர்களை. அவரே தன் பகல் வேலையை முடித்துவிட்டு இரவில் அங்கே போனவர்தான். சம்பளத்துக்காகச் சலித்தபடி உழைத்தவர்களை அல்ல, விருப்பத்தோடு வந்தவர்களைப் பார்த்துத்தான் இந்தச் சொல் நிலைபெற்றது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வரையறையில் மூன்று கூறுகள் உண்டு: சக்தி தீர்ந்துபோவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு வருவது, செயல்திறன் குறைவது. அவர்கள் அலுவலக வேலையை மனதில் வைத்துச் சொன்னதுதான். ஆனால் அந்த இரண்டாவது கூறுதான் என்னை உலுக்கியது. களைப்பு தூங்கினால் போகும். படிப்பது எனக்குக் கசந்துபோயிருந்தது. பக்கத்தைப் புரட்டும்போது கை தானாகவே ‘தலைப்புக்கு ஆகும்’ வரிகளைத் தேடியது. அஞ்சலிப் படத்தில் காலி இடம் விட்டதும் அந்தக் கைதான்.

*

மூன்று மாதம் எதுவும் போடவில்லை. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஓய்வில் ஆரோக்கியம் திரும்பியது, ஆனால் பழையபடி ஆரம்பித்தால் பழைய இடத்துக்கே வருவேன் என்பதும் தெரிந்தது. ஆகவே செய்திருக்க வேண்டிய முதல் காரியத்தை அப்போதுதான் செய்தேன். ஒரு வீடியோவுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்தேன்.

முந்நூறு பக்க நாவலை எனக்கு ஒழுங்காகப் படிக்க 9 மணி நேரம். முக்கியமான இடங்களைத் திரும்பப் படித்துக் குறிப்பெடுக்க 3. ஸ்கிரிப்ட் 4. பதிவு 1. எடிட்டிங்கும் தம்ப்நெயிலும் 4. மொத்தம் 21 மணி நேரம்.

என்னிடம் இருக்கும் நேரம்? வேலை நாட்களில் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை, ஆக ஐந்து மணி நேரம். சனிக்கிழமை மதியம் மூன்று. வாரத்துக்கு 8. வேறு நேரம் இல்லையா என்றால் இருக்கிறது, ஆனால் அது தூக்கத்துக்கும் மனைவிக்கும் மகளுக்கும் சொந்தமான நேரம்.

வாரம் இரண்டு வீடியோ என்றால் 42 மணி நேரம் வேண்டும். அந்த நாட்களில் ராத்திரியெல்லாம் சேர்த்து நான் 20 மணி நேரம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வீடியோவுக்குப் பத்து. எடிட்டிங்கைக் குறைத்தால் பார்ப்பவருக்கு உடனே தெரியும். பதிவைக் குறைக்க முடியாது. ஸ்கிரிப்டை மூன்று மணி நேரமாக்கினேன். இவற்றுக்கே எட்டு போய்விட்டது. படிக்க மிச்சம் இரண்டு மணி நேரம். குறைத்தால் வெளியே தெரியாத ஒரே வேலை படிப்பதுதான், அதனால் அதுதான் வெட்டுப்பட்டது. லேத் பட்டறைக்காரருக்கு நான் பொய் சொல்வேன் என்பது, வாரம் இரண்டு என்று முடிவெடுத்த நாளிலேயே தீர்மானமாகிவிட்ட விஷயம். ஒழுக்கக் குறைவு என்று நான் நினைத்ததில் பெரும்பகுதி, கூட்டல் கழித்தல் போடாமல் கொடுத்த வாக்கு. அதற்காகக் குற்றம் இல்லாமல் போய்விடாது. கணக்கைப் பார்க்க மறுத்ததுதான் என் குற்றம்.

சரி, 21 மணி நேரத்தை 8ஆல் வகுத்தால் இரண்டரை வாரத்துக்குச் சற்று மேல். அப்படியானால் மூன்று வாரத்துக்கு ஒன்றா? இங்கேதான் என் தொழில் உதவியது. எந்த சர்வரையும் நூறு சதவீதத்தில் ஓட விடமாட்டோம். வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து விழும் ஒரு எளிய வரிசையில், ஒரு வேலை காத்திருக்கும் நேரம் சுமையைப் பொறுத்து இப்படி ஏறும்: பாதி சுமையில், அந்த வேலையைச் செய்ய ஆகும் நேரத்தைப் போல ஒரு மடங்கு காத்திருக்க வேண்டும். 80 சதவீதத்தில் நான்கு மடங்கு. 90இல் ஒன்பது. 95இல் பத்தொன்பது. மனிதனின் வாரமும் இதே மாதிரி ஒழுங்கில்லாததுதான். புரொடக்ஷன் ரிலீஸ் வரும், மகளுக்குக் காய்ச்சல் வரும், ஊரில் ஒரு கல்யாணம் வரும், தீபாவளி வரும். நல்ல வாரத்தை வைத்துத் திட்டம் போட்டால் முதல் மோசமான வாரத்திலேயே இரவு கடன் வாங்க ஆரம்பிப்போம்.

நான்கு வாரத்துக்கு ஒன்று என்று வைத்தேன். 32 மணி நேரத்தில் 21, அதாவது கிட்டத்தட்ட 65 சதவீதச் சுமை. மிச்ச மூன்றில் ஒரு பங்கு சோம்பேறித்தனத்துக்கு அல்ல, காய்ச்சலுக்கு. காய்ச்சல் வராத மாதத்தில் சேனலுக்குச் சம்பந்தமே இல்லாத புத்தகம் படிப்பதற்கு.

அதோடு ஒரு கையிருப்பு. முதல் வீடியோவை வெளியிடும் முன் மூன்று முடித்துவிட்டேன். ஒன்றைப் போட்டால் இரண்டு கையில் இருக்கும். மோசமான மாதத்தில் கையிருப்பிலிருந்து எடுப்பேன், அடுத்த மாதங்களில் நிரப்புவேன். கையிருப்பு தீர்ந்துவிட்டால் அந்த மாதம் வீடியோ கிடையாது. ராத்திரி கண் விழித்து எடுப்பது கிடையாது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கையில் மூன்று சேர்ந்துவிட்டால் உற்சாகத்தில் ஒன்றைக் கூடுதலாகப் போடவும் கூடாது. நல்ல மாதத்தின் வேகத்தை வழக்கமாக்கியதில்தான் போன முறை கவிழ்ந்தேன். மூன்று மாதம் தொடர்ந்து கையிருப்பு குறைந்துகொண்டே வந்தால், என் கணக்கு தப்பு, இடைவெளி இன்னும் கூட வேண்டும் என்று அர்த்தம். மனசு சொல்வதற்கு முன்னாலேயே இந்த எண் சொல்லிவிடும்.

ஆம், இதுவும் எண்தான். எண்ணே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப் தபால் துறையில் அதிகாரியாக இருந்தவர், மொத்தம் 47 நாவல்கள் எழுதியவர். அதிகாலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதினார். அவர் இறந்தபின் 1883இல் வெளியான சுயசரிதையில் இதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். எழுத்து செருப்புத் தைப்பது மாதிரியா என்று பலர் முகம் சுளித்தார்கள், அவருடைய மதிப்பே கொஞ்ச காலம் சரிந்தது. எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். அவர் நாட்குறிப்பில் வாராவாரம் எத்தனை பக்கம் என்று குறித்திருக்கிறார். சராசரி நாற்பது பக்கம். ஆனால் கைவசம் இருக்கும் மற்ற வேலைகளைப் பார்த்து சில சமயம் இருபதுக்கு இறக்கியிருக்கிறார், சில சமயம் 112 வரை போயிருக்கிறார். தாளம் இருந்தது, அந்தத் தாளம் வாழ்க்கைக்குத் தகுந்தபடி தளர்ந்து இறுகியது.

அவர் பணத்தை வெறுத்த ஞானியும் அல்ல. அதே சுயசரிதையில் ஒவ்வொரு நூலும் எத்தனை பவுண்டு கொடுத்தது என்று பட்டியல் போட்டிருக்கிறார். ஆனால் காலையில் மேசையின் மேல் இருந்தது கடிகாரம், பட்டியல் அல்ல. எழுதிய பக்கம் அவர் கையில் இருந்த எண். விற்ற பிரதி பிறர் கையில் இருந்த எண். முதலாவதைத் தினமும் பார்த்தால் வேலை நடக்கும். இரண்டாவதைத் தினமும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் சாட்சி.

*

பிறர் கையில் இருக்கும் எண்ணை அடியோடு பார்க்காமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அதில் ஒரு அகங்காரம் இருப்பதாகப் பட்டது. பார்வை என்பது வெறும் எண் அல்ல, ஒரு ஆள் தன் பத்து நிமிடத்தைக் கொடுத்திருக்கிறார். ‘எனக்கு யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றுதான்’ என்பது அவரை அவமதிப்பது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன். போனில் அந்த ஆப் இல்லை. லேப்டாப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மணி நேரம்.

வெளியாகித் தொண்ணூறு நாள் ஆன வீடியோக்களை மட்டும் எடுத்துக்கொள்வேன். புத்தகத்தைப் பற்றிய வீடியோவைத் தேடி வருகிறவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். முதல் நாள் கூட்டம் அதன் தகுதியைச் சொல்லாது. சராசரியை எடுக்காமல், எல்லாவற்றையும் வரிசையாக வைத்து நடுவில் நிற்கும் எண்ணை எடுப்பேன். ஏன் என்றால், ஒன்பது வீடியோ 2,000, ஒரு அஞ்சலி வீடியோ 38,000 என்றால் சராசரி 5,600. அந்த 5,600ஐ என் இயல்பான நிலை என்று நம்பித்தான், பின்னர் வந்த ஒவ்வொரு 2,000ஐயும் நான் தோல்வி என்று எண்ணினேன். நடு எண் 2,000தான். நான் எப்போதும் 2,000 பேருக்குப் பேசுகிறவன். ஒரு கல்யாண மண்டபம் நிறைந்து வெளியேயும் நிற்கும் கூட்டம் அது. அதைப் போய்த் தோல்வி என்று அழுதிருக்கிறேன்.

எந்த எண்ணைப் பார்க்கும் முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இது ஏறினாலோ இறங்கினாலோ நான் எதை மாற்றிச் செய்வேன்? பதில் இருந்தால் பார்ப்பேன். ஒலி சரியில்லாத இடத்தில் பாதிப் பேர் போகிறார்கள் என்றால் மைக்கை மாற்றலாம். பதில் இல்லையென்றால் அந்த எண்ணால் என் மனநிலையைத் தவிர வேறெதுவும் மாறப்போவதில்லை.

இதற்கு விலை உண்டு. நான்கு வாரத்துக்கு ஒன்று என்றான பிறகு மாத வருமானம் மூன்றில் ஒரு பங்கானது, புதிதாக வருகிறவர்கள் குறைந்தார்கள். எனக்குச் சம்பளம் இருப்பதால் தாங்க முடிகிறது. சேனலை நம்பியே வீட்டு வாடகை கட்டும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “உனக்கென்னப்பா, ஈஎம்ஐ கட்ட ஆபீஸ் இருக்கு” என்றார். நியாயம்தான். கடைசியில் அவர் செய்தது வேறு. வாரம் ஒன்று என்று குறைத்துக்கொண்டு, குறைந்த பணத்துக்கு இரண்டு நாள் எடிட்டிங் வேலை பிடித்துக்கொண்டார். சொந்தச் சேனலில் எண்ணுக்காகப் பொய் சொல்வதைவிட, அடுத்தவர் சேனலில் நேர்மையாக வெட்டி ஒட்டுவது மேல் என்றார். எல்லோருக்கும் அந்த வழி திறந்திருக்காது. ஆனால் மணி நேரக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். பணம் தேவைப்படுகிறது என்பதால் நாளில் இருபத்தைந்தாவது மணி நேரம் முளைப்பதில்லை. எதையோ வெட்டித்தான் கொடுப்போம், எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டலாம்.

இப்போதும் சில அறிகுறிகளுக்கு என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். நாவலை முடிக்கும் முன்பே அதன் தலைப்பு வாசகம் மனசுக்குள் ஓடினால் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு நாள் கழித்து எடுக்கிறேன். சேனலில் பேசப்போகாத புத்தகம் ஒன்றுகூடப் படிக்காமல் ஒரு மாதம் போய்விட்டால், அடுத்த மாதம் வீடியோ இல்லை.

அந்த எழுத்தாளர் நலமாக இருக்கிறார். கோடும் காலி இடமும் கொண்ட படத்தை அழித்துவிட்டேன். சென்ற பங்குனியில், மொட்டை மாடியில் படித்த அந்த நாவலை இத்தனை வருடம் கழித்து முழுசாகத் திரும்பப் படித்து ஒரு வீடியோ செய்தேன். பெயரை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டேன். படிக்கவே பதினொரு மணி நேரம் ஆனது, கையிருப்பில் ஒன்று குறைந்தது. பத்தில் எத்தனையாவது வந்தது என்று எனக்குத் தெரியாது. அம்பத்தூர்க்காரருக்கு மட்டும் நானே போன் செய்து, “சார், இதை முழுசா படிச்சிட்டேன்” என்றேன்.

“கேட்டாலே தெரியுது தம்பி” என்றார்.